அலகு, இறக்கை, கண்: மூன்று வருடமாக இந்த வரிசையில்தான் எழுதிப் பார்க்கிறேன்

பறவைப் படம் எடுத்ததும் பெயர் தேடாமல், படத்தில் தெரிவதை முதலில் நோட்டில் எழுதிவிடுவது என்று நான்கு வருடம் முன்னால் ஆரம்பித்தேன். நாற்பது ரூபாய் நோட்டு, இப்போது மூன்றாவது ஓடுகிறது. நல்ல வழிதான், ஆனால் முதல் வருடம் முழுக்க நான் அதைத் தப்பாகப் பயன்படுத்தினேன்.

தப்பு என்னவென்றால், கண்ணில் ஆரம்பித்தேன். படத்தைப் பெரிதாக்கினால் முதலில் இழுப்பது கண் வளையம்தானே. சுலபமான பறவைகளுக்கு அது போதும். பச்சையும் மஞ்சளுமாய் ஒரு குட்டிப் பறவை, கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் போட்டது மாதிரி வெள்ளை, இறக்கையில் கோடே இல்லை என்றால் வெள்ளைக்கண்ணி. அதே நிறம், வளையம் இல்லை, இறக்கையில் பளிச்சென்று இரண்டு வெள்ளைப் பட்டை என்றால் மாம்பழச்சிட்டு. இதற்கு நோட்டே வேண்டாம்.

ஈப்பிடிப்பான்களிடம்தான் மாட்டினேன். ஒரு டிசம்பரில் ஆனைகட்டிப் பக்கம் ஓடையோர நிழலில் ஒரு பழுப்புப் பறவை, பத்துப் பன்னிரண்டு படம் எடுத்திருப்பேன். "கண் வளையம் வெள்ளை, தெளிவு. இறக்கையில் பட்டை இரண்டு. மேலே பழுப்பு." இவ்வளவுதான் எழுதினேன், பழுப்பு ஈப்பிடிப்பான் என்று முடித்தும் விட்டேன். குளிர்காலத்தில் நம் பக்கம் நிறையப் பார்க்கக் கிடைப்பது அதுதான். கூட வந்த அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, "கண்ண விடு தம்பி, வாயப் பாரு" என்றார்.

குளிர்காலத்தில் இங்கே வரும் பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானுக்கும் அதே வெள்ளை வளையம் உண்டு. வளையத்தை வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. பிரிப்பது கீழலகு. பழுப்பு ஈப்பிடிப்பானுக்குக் கீழலகின் அடியில் மட்டும் மஞ்சள், நுனிப் பக்கம் கருப்பு. பழுப்பு மார்புக்கு அடியிலிருந்து நுனிவரை வெளிறிய மஞ்சள். கூடவே கால்: முன்னதற்குக் கருப்பு, பின்னதற்கு வெளிறிய சதை நிறம். என் படத்தில் கீழலகு நுனிவரை மஞ்சள். நான் அதைப் பார்க்கவே இல்லை, ஏனென்றால் எழுதவே இல்லை.

"பட்டை இரண்டு" என்றதும் தப்பு. உண்மையில் ஒன்றுதான், அதுவும் பட்டை என்று சொல்லும்படி இல்லை. இறக்கையை மூடியிருக்கும் இறகுகளின் ஓரம் வெளிறியிருந்தால், அவை வரிசையாக அமர்ந்து ஒரு கோடு மாதிரித் தெரியும். பழுப்பு ஈப்பிடிப்பானின் இளம் பறவைகளுக்கு அந்த ஓரங்கள் இன்னும் வெளுப்பாக இருக்கும், அதனால் அந்தக் கோடு பல நேரம் இனத்தைச் சொல்வதில்லை, வயதைச் சொல்கிறது. கதிர்க்குருவிகளில் இதற்கு நேர்மாறான தொல்லை: பச்சைக் கதிர்க்குருவிக்கு இறக்கையில் சின்னதாக ஒரு பட்டை இருக்க வேண்டும், ஆனால் இறகு தேயத் தேய மார்ச் வாக்கில் அது காணாமலே போகலாம். ஆகவே இப்போதெல்லாம் பட்டை உண்டு, இல்லை என்று எழுதுவதில்லை. எத்தனை, எவ்வளவு நீளம், இரண்டு பக்கமும் சமமா, எந்த மாதம் என்று எழுதுகிறேன்.

அலகுக்கும் இதே மாதிரிதான். "சின்ன அலகு" என்று எழுதினால் ஒன்றும் எழுதாததற்குச் சமம். அலகின் நீளத்தை, கண்ணிலிருந்து அலகின் அடிவரை உள்ள தூரத்தோடு ஒப்பிடுகிறேன். பறவை நேராக நம்மைப் பார்த்திருந்தால் எந்த அலகும் குட்டையாகத்தான் விழும், அதனால் பக்கவாட்டுப் படத்தில் மட்டும்தான் இதைச் செய்வது. அடியில் அகலமா என்பதற்குக் கீழிருந்து எடுத்த படம் வேண்டும். ஈப்பிடிப்பான்களுக்கு அது முக்கோணமாக விரிந்திருக்கும், கதிர்க்குருவிக்கு ஊசி மாதிரி மெல்லிசு.

நிறத்தை மட்டும் ஒரே படத்தை நம்பி எழுத மாட்டேன். நிழலில் சதை நிறக் கால்கூடக் கருப்பாகத் தெரியும். இருட்டான பகுதியை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கிப் பார்த்து, குறைந்தது மூன்று படத்தில் ஒரே மாதிரி இருந்தால்தான் நோட்டில் ஏறும். கண் வளையத்துக்கும் இதே கதைதான், தலையை லேசாகத் திருப்பினால் முழு வளையம் உடைந்த வளையம் ஆகிவிடும்.

குறைகளும் உண்டு. ஒரு பறவைக்கு இருபது நிமிடம் போகிறது. கதிர்க்குருவிகளில் சிலதைக் குரல் கேட்காமல் பிரிக்க முடியாது. அங்கே எவ்வளவு எழுதினாலும் "கதிர்க்குருவி" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். போன நவம்பரில் வால்பாறையில் எடுத்த ஒரு ஈப்பிடிப்பான் படம் அப்படியே கிடக்கிறது. வளையம் பிரமாதமாக விழுந்திருக்கிறது, இறக்கை இறகுகளை எண்ணலாம். எட்டுப் படத்திலும் வாயில் ஒரு பூச்சி, அதன் இறக்கை சரியாகக் கீழலகை மறைத்துக்கொண்டு. காலும் இலைக்குப் பின்னால்.