ஹோஸைக் கழற்றும் முன் பிரஷரை இறக்க: லீவரா, நட்டா, டெஸ்ட் பாயிண்ட்டா?

ஹைட்ராலிக் லைனைத் திறப்பதற்கு முன் உள்ளே அடைபட்டிருக்கும் பிரஷரை இறக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. என்ஜினை அணைத்துவிட்டு லீவர்களை எல்லாப் பக்கமும் ஆட்டுவது ஒன்று. நட்டை மெல்லத் தளர்த்தி ஆயிலைக் கசியவிடுவது இன்னொன்று. லைனில் ஒரு டெஸ்ட் பாயிண்ட்டைப் பொருத்தி, கேஜ் மாட்டிப் பார்த்து, சின்ன ஹோஸ் வழியாக ஆயிலை வடிப்பது மூன்றாவது. லோடர், எக்ஸ்கவேட்டர் வேலைகளுக்கு நாங்கள் மூன்றாவதற்கு மாறிவிட்டோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

பெரும்பாலும் ஹோஸைக் கழற்ற வேண்டிய நிலை ஓர் ஊசித்துளை லீக்கில்தான் தொடங்குகிறது. ஹோஸின் மேல் புகை மாதிரி ஏதோ தெரியும், பக்கத்து இரும்பெல்லாம் ஈரமாக இருக்கும், துளை மட்டும் கண்ணில் படாது. உடனே கை தடவிப் பார்க்கப் போகும். அங்கேதான் ஆபத்து. ஏறக்குறைய 7 பார் பிரஷரிலேயே ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இந்த வண்டிகளின் லைனில் ஓடுவதோ 200, 300 பார். தோல் கையுறை போட்டிருந்தாலும் பயனில்லை, அதையும் துளைத்துவிடும்.

துளையைத் தேட இரண்டு வழி உண்டு. வண்டியை ஓடவிட்டு, நீளக் குச்சியில் அட்டையைக் கட்டி ஹோஸ் ஓரமாக நகர்த்தி, எங்கே ஈரமாகிறது என்று பார்க்கலாம். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். இல்லையென்றால் பிரஷரை இறக்கிவிட்டு ஹோஸைத் துடைத்து, ஹோஸின் மேலுறை உப்பியிருக்கிறதா, உள்ளே கம்பி தெரிகிறதா, பிட்டிங் கழுத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். எந்த ஹோஸ் என்று தெரிந்தால் போதும், துளை எந்த இடத்தில் என்பது தேவையே இல்லை. ஊசித்துளை விழுந்த ஹோஸை மாற்றத்தான் வேண்டும். டேப் சுற்றுவதோ கிளாம்ப் போடுவதோ வேலைக்காகாது. ஒரே மாதிரி நாலு ஹோஸ் ஒட்டி ஓடும் இடத்தில் மட்டும் அட்டை உதவும்.

சரி, இப்போது பிரஷருக்கு வருவோம்.

லீவர் ஆட்டும் முறைக்குச் செலவே இல்லை. பக்கெட்டைத் தரையில் இறக்கி, என்ஜினை அணைத்து, சாவியை ஆன் நிலையில் வைத்து, லாக் லீவரைத் திறந்து, எல்லா லீவரையும் பலமுறை ஆட்ட வேண்டும். பிறகு டேங்க் மூடியைத் தளர்த்தி உள்ளே இருக்கும் காற்றை விட வேண்டும். லீவர்கள் இயக்கும் வால்வு பேங்க்குக்கும் சிலிண்டருக்கும் நடுவே வேறு எதுவும் இல்லாத லைனுக்கு இது நன்றாகவே வேலை செய்யும்.

ஆனால் இரண்டு இடத்தில் ஏமாற்றும். இப்போதைய எக்ஸ்கவேட்டர்களில் லீவர் நேராக வால்வை நகர்த்துவதில்லை. லீவர் அனுப்பும் குறைந்த அளவு ஆயில் பிரஷர், அதாவது பைலட் பிரஷர்தான் நகர்த்துகிறது. என்ஜின் நின்ற பிறகு அந்த பைலட் பிரஷரைக் கொஞ்ச நேரம் கொடுப்பது, அழுத்திய நைட்ரஜனைக் கொண்டு பிரஷரைச் சேமித்து வைக்கும் ஒரு குட்டி அக்குமுலேட்டர். சில ஆட்டலில் அது காலியாகிவிடும். அதன் பிறகு லீவர் லூசாக ஆடும், உள்ளே வால்வு நகராது. எதுவும் அசையவில்லை என்பதால் பிரஷர் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம். அதனால் என்ஜினை அணைத்த கையோடு ஆட்ட வேண்டும், டீ குடித்துவிட்டு வந்து அல்ல. இரண்டாவது ஏமாற்று, சிலிண்டரிலேயே பொருத்தியிருக்கும் ஹோல்டிங் வால்வு. ஹோஸ் வெடித்தாலும் பூம் விழக்கூடாது என்பதற்காக வைத்தது அது. அதைத் திறக்க வேண்டிய பிரஷர் இல்லாதபோது லீவரை எவ்வளவு ஆட்டினாலும் திறக்காது. ஹோஸில் பிரஷர் போயிருக்கும், சிலிண்டருக்குள் அப்படியே இருக்கும்.

நட்டைத் தளர்த்தும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கால் சுற்று, அரைச் சுற்று என்று தளர்த்தி, ஆயில் சொட்டி நின்றதும் கழற்றுவது. உள்ளே எவ்வளவு பிரஷர் என்று தெரியாமலே செய்கிறோம் என்பதுதான் குறை. கோன் பிட்டிங்கில் முதலில் திறப்பது மயிரிழை இடைவெளி. நாம் பயந்த அதே ஊசித்துளையை நாமே ஸ்பேனரால் உண்டாக்குகிறோம். ஓ-ரிங் உள்ள பிட்டிங்கில் நட்டு தளர்ந்த பிறகும் ஓ-ரிங் கொஞ்ச நேரம் பிடித்துவைத்து, அப்புறம் ஒரேயடியாகப் பீறிடும்.

டெஸ்ட் பாயிண்ட் என்பது சுண்டுவிரல் அளவு பிட்டிங். உள்ளே ஸ்பிரிங் வால்வு, மேலே திருகு மூடி. பிரஷர் இருக்கும்போதே மாட்டும்படி செய்தது. மெல்லிய டெஸ்ட் ஹோஸ், அதன் மறுமுனையில் கேஜ், பக்கத்தில் ஒரு நீடில் வால்வு, அதிலிருந்து கேனுக்குள் ஒரு வடிகால் ஹோஸ். இவ்வளவுதான் சாமான். மாட்டும் வரிசை முக்கியம். முதலில் கேஜ் பக்கம், கடைசியில் வண்டிப் பக்கம். மாற்றி மாட்டினால் திறந்த முனையிலிருந்து ஆயில் பாயும். நீடில் வால்வு மூடியிருக்க வேண்டும். வடிகால் முனையைக் கேனில் கட்டிவைக்க வேண்டும், துள்ளி வெளியே வரக்கூடாது.

இதன் அருமை கேஜின் முள்ளைப் படிக்கும்போதுதான் தெரியும். ஒரு லோடர் பூமை எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் உள்விட்டம் 125 மில்லிமீட்டர், ஒரு மீட்டர் ஸ்ட்ரோக்கில் பாதி ஏறி நிற்கிறது. உள்ளே சுமார் 6 லிட்டர் ஆயில். சிலிண்டர் மேல் 12 டன் பாரம் என்றால் கேஜில் ஏறத்தாழ 95 பார் காட்டும். ஹோல்டிங் வால்வை மாற்ற வேண்டும். பூமுக்கு அடியில் இரும்புத் தாங்கி வைத்து, அதன் மேல் மெல்ல இறக்கி உட்கார வைக்கிறோம். தாங்கி பாரத்தை முழுக்க ஏற்ற பிறகும், சிலிண்டருக்குள் கொஞ்சம் பிரஷர் பூட்டியபடி இருக்கும்.

இப்போது நீடில் வால்வை இழையாகத் திறக்கிறோம். முள் மடமடவென்று இறங்கி, கேனில் ஒரு சின்ன டம்ளர் ஆயில்கூட விழாமல் நின்றால், அது வெறுமனே அடைபட்ட ஆயில். ஆயில் அழுந்துவது மிகக் குறைவு. 6 லிட்டரில் 95 பாரும் இருந்தாலே, அதை இறக்கச் சுமார் 40 மில்லி வெளியேறினால் போதும். ஆயில் வந்துகொண்டே இருக்கிறது, முள் மட்டும் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் பாரம் இன்னும் சிலிண்டர் மேல்தான் இருக்கிறது, பூம் இறங்கிக்கொண்டிருக்கிறது. உடனே வால்வை மூடித் தாங்கியைச் சரிசெய்ய வேண்டும். டெஸ்ட் ஹோஸ் மெல்லியது என்பதால் அதற்கு நேரம் கிடைக்கிறது. நட்டைத் தளர்த்தியிருந்தால் கிடைக்காது. மூன்றாவதாக, முள் நிதானமாக இறங்கி, ஓர் இடத்துக்கு வந்ததும் திடீரென்று சுழியத்துக்கு விழுந்தால், அந்த லைனில் அக்குமுலேட்டர் இருக்கிறது. முள் அப்படி விழத் தொடங்கிய அளவுதான் அதிலுள்ள நைட்ரஜனின் பிரஷர். ஆயில் வடிந்த பிறகும் நைட்ரஜன் உள்ளேயே இருக்கும், அதனால் அக்குமுலேட்டர் மேல் கை வைப்பது தனி வேலை. பெரிய பிரஸ்களில் உள்ள அக்குமுலேட்டர் பேங்க்குகளில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே தயாரிப்பாளர் கையேட்டைத்தான் பின்பற்றுவேன்.

சிலிண்டரின் ராட் பக்கத்தை மறப்பவர்கள் அதிகம். பூம் தாங்கியில் உட்கார்ந்த பிறகும் லீவரை அழுத்திப் பிடித்திருந்தால் அந்தப் பக்கம் பிரஷர் ஏறி நிற்கும். ஆகவே இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். வடித்து முடித்ததும் நீடில் வால்வை மூடக்கூடாது, வேலை முடியும்வரை திறந்தே இருக்கட்டும். இரும்புக்குள் முழுக்க அடைபட்ட ஆயில் ஒரு டிகிரி சூடேறினால் பிரஷர் சுமார் 10 பார் ஏறும். காலையில் இறக்கிவிட்டு மூடிவைத்த சிலிண்டர் வெயிலில் நின்றால் மதியம் மறுபடியும் பிரஷரோடுதான் இருக்கும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, இந்த முறை எங்கே கெடும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதன் பராமரிப்பில்தான் இருக்கிறது. மூடி தொலைந்த டெஸ்ட் பாயிண்ட்டில் மண் அடைத்துக்கொள்ளும். அப்போது கேஜ் சுழியம் காட்டும், உள்ளே 95 பார் இருக்கும். இந்தப் பொய்ச் சுழியம் நட்டைத் தளர்த்துவதைவிட மோசம், ஏனென்றால் நாம் நம்பிக்கையோடு கிட்டே போகிறோம். அதனால் என்ஜின் ஓடும்போதே கேஜை மாட்டி, லீவரை ஆட்டி, முள் ஏறுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஏறின முள் இறங்கினால்தான் அது கணக்கு. ஏறவே ஏறாத முள்ளின் சுழியத்துக்கு மதிப்பில்லை.

இன்னொரு நுணுக்கம். 400 பார் கேஜில் முதல் கோடே பெரும்பாலும் 10 பாரில்தான் இருக்கும். தோலைத் துளைக்கும் 7 பார் அந்தக் கோட்டுக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். ஆகவே முள் கீழே வந்தது மட்டும் போதாது, வடிகாலில் சொட்டு நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். குளிர்ந்த, கெட்டியான ஆயில் என்றால் இது எரிச்சலூட்டும் அளவுக்கு நேரமெடுக்கும். அதற்குப் பிறகும் நட்டை ஒரு பக்கமாக நின்று மெல்லத்தான் தளர்த்துவேன்.

டெஸ்ட் பாயிண்ட் வைக்கும் இடமும் முக்கியம். பம்ப் பக்கத்தில் ஒன்று இருந்தால் போதாது. ஹோல்டிங் வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது ஹோஸின் கதையைச் சொல்லுமே தவிர சிலிண்டரின் கதையைச் சொல்லாது. பல ஹோல்டிங் வால்வுகளில் இதற்கென்றே ஒரு கேஜ் போர்ட் பிளக் போட்டு மூடியிருக்கும். அடுத்த முறை சிலிண்டர் கழன்று வரும்போது அந்தப் பிளக் இருந்த இடத்தில் பொருத்திவிடலாம். அந்த வால்வின் அட்ஜஸ்ட் திருகைத் திருப்பிப் பிரஷரை விடலாம் என்று சிலர் சொல்வார்கள். எந்தப் பக்கம் திருப்பினால் தளரும் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், நான் அதைத் தொடுவதில்லை.

எந்த வழியில் போனாலும், ஆயில் தோலுக்குள் போய்விட்டதோ என்று சந்தேகம் வந்தால், முள் குத்தினது போல ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. பிதுக்கக்கூடாது, ஒத்தடம் கொடுக்கக்கூடாது. நேராக அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், இது ஹை பிரஷர் ஆயில் ஊசியேற்றம் என்று அந்த வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். சில மணிநேரத் தாமதம் விரலையே எடுக்க வைக்கலாம். போகும்போது ஆயில் டின்னின் லேபிளை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனது என்ன ஆயில் என்று டாக்டர் கேட்பார்.