'இன்று மாலைக்குள் உங்கள் எண் துண்டிக்கப்படும்': நான் இழந்தது 48,650 ரூபாய்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு என் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. என் சிம் அட்டையின் கேஒய்சி விவரங்கள் சரிபார்க்கப்படவில்லை என்றும், மாலை நான்கு மணிக்குள் கீழ்க்காணும் எண்ணை அழைக்காவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்றும் அதில் இருந்தது. நண்பகலுக்குள் என் வங்கிக் கணக்கிலிருந்து 48,650 ரூபாய் போய்விட்டது. இதை எழுதும் வியாழக்கிழமை காலையிலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அழைத்தபோது எடுத்தவர் நல்ல தமிழில், பொறுமையாகப் பேசினார். என் பெயரை நான் சொல்லும் முன்பே சொன்னார். "அம்மா, நீங்கள் கடைக்கு அலைய வேண்டாம், இங்கேயே முடித்துத் தருகிறேன்" என்றார். உதவிக்காக என்று சொல்லி ஒரு செயலியை நிறுவச் சொன்னார். என் திரையில் தெரிவதையெல்லாம் தன் இடத்திலிருந்தே பார்க்க உதவும் செயலி அது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பிறகு சரிபார்ப்புக் கட்டணமாகப் பத்து ரூபாய் செலுத்தச் சொல்லி ஓர் இணைப்பை அனுப்பினார்.

நான் ஏமாந்தது அந்தப் பத்து ரூபாயில்தான். பணம் பறிப்பவன் பத்து ரூபாயா கேட்பான் என்று எண்ணி, ஏடிஎம் அட்டையின் எண்ணையும், காலாவதி மாதத்தையும், பின்புறமுள்ள மூன்று இலக்கங்களையும் அந்தப் பக்கத்தில் தட்டச்சு செய்தேன். அவர் கேட்டது பத்து ரூபாயை அல்ல, அந்த எண்களை. ஓடிபியை நான் யாருக்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் குறுஞ்செய்தி திரையின் மேற்பகுதியில் தோன்றிய அதே நொடியில் அவரும் அதைப் படித்துவிட்டார். முதலில் 24,300, அடுத்து 24,350, ஆக 48,650 ரூபாய்.

அதன் பிறகு அலைந்த அலைச்சல் தனிக்கதை. என் இணைப்பு நிறுவனத்தின் கிளையில், செய்தி தங்களிடமிருந்து வரவில்லை, ஆகவே தாங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார்கள். வங்கியிலோ ஓடிபி சரியாகப் பதிவாகியிருப்பதால் நானே செலுத்தியதாகத்தான் கொள்ள முடியும் என்றார்கள். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணத்தில், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சேரும் என்ற ரிசர்வ் வங்கியின் 2017 விதியை எனக்குப் படித்துக் காட்டினார்கள். காவல் நிலையத்தில் 1930 என்ற எண்ணை முதலிலேயே அழைத்திருக்க வேண்டும் என்றார்கள். நான் அழைத்தது மறுநாள் காலையில். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கச் சொல்வதற்கான எண் அது. அதற்குள் அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டுவிட்டது.

அந்தச் செய்தி பொய் என்பதை அதிலிருந்த 'இன்று' என்ற ஒரு சொல்லே காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். ஒருவர் பெயரில் ஒன்பதுக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருந்தால் மறுசரிபார்ப்பு செய்ய வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2021 டிசம்பரில் உத்தரவிட்டபோதுகூட, வெளி அழைப்புகளை நிறுத்த 30 நாட்களும், உள் அழைப்புகளை நிறுத்த 45 நாட்களும் கெடு வைத்தது. காவல்துறையோ வங்கியோ சந்தேகத்துக்குரியது என்று குறிப்பிட்ட எண்ணுக்கே வெளி அழைப்புகளை நிறுத்த ஐந்து நாள் கொடுக்கப்பட்டது. எந்தக் குற்றமும் செய்யாத எனக்கு ஐந்து மணி நேரமாம்! எண்ணைத் துண்டிப்பதாகச் சொல்லி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயும் எவரையும் அழைப்பதில்லை என்று அதுவே பலமுறை அறிவித்திருக்கிறது.

இன்னொன்றையும் நான் பார்க்கத் தவறினேன். நிறுவனத்தின் செய்தி, அனுப்புநர் இடத்தில் ஆங்கில எழுத்துகளாலான பதிவு செய்யப்பட்ட பெயருடன் வரும். எனக்கு வந்ததோ சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து. ஆனால் எழுத்துப் பெயர் இருந்துவிட்டால் மட்டும் நம்பிவிடாதீர்கள், செய்தி என்ன செய்யச் சொல்கிறது என்பதையே பாருங்கள்.

எப்படிப் பிரித்தறிவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பத்து மணிக்கு மறுபடியும் வங்கிக்குப் போக வேண்டியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். செய்தியில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் அடையாள அட்டையுடன் நிறுவனத்தின் கிளைக்கே செல்லுங்கள். அழைப்பில் இருப்பவர் சொல்லி எந்தச் செயலியையும் நிறுவாதீர்கள். *401* என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னால் உடனே துண்டியுங்கள். உங்களுக்கு வரும் அழைப்புகளை அவருக்குத் திருப்பிவிடுவதற்கான தந்திரம் அது. பணம் போய்விட்டால் கைபேசியின் இணையத்தை அணைத்துவிட்டு, முதலில் 1930, அடுத்து வங்கி. நான் கிளைக்கும் காவல் நிலையத்துக்கும் நடந்த அந்த ஒரு நாளை நீங்கள் வீணாக்காதீர்கள்.