இங்கிலாந்து வாடகை ஃபிளாட்டில் புகை அலாரம்: நள்ளிரவில் வரும் ‘கீச்’ சத்தத்தை நிறுத்துவது எப்படி

பேட்டரி தீரப்போகும் அலாரம் பெரும்பாலும் விடியற்காலையில்தான் கத்த ஆரம்பிக்கும். இரவில் வீடு குளிர்ந்ததும் தளர்ந்த பேட்டரியின் வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் இறங்கி, எச்சரிக்கை எல்லையைத் தொட்டுவிடும். காலையில் ஹீட்டிங் ஓடியதும் சத்தம் நின்றுபோகும். சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டால் அடுத்த இரவு மறுபடியும் கேட்கும்.

முதலில், கத்துவது எது என்று கண்டுபிடியுங்கள். சத்தம் சுமார் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும். கூர்மையான ஒலி என்பதால் திசை சட்டென்று பிடிபடாது. ஒவ்வொரு அலாரத்தின் கீழும் ஓரிரு நிமிடம் நின்று பாருங்கள். பாய்லர் பக்கம் இருக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் விட்டுவிடாதீர்கள். பலரும் அதை மறந்து கூரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஹாலில் இருப்பது கரண்டில் ஓடும், 9 வோல்ட் பேட்டரி துணைக்கு உள்ள வகை என்று வைத்துக்கொள்வோம். பச்சை விளக்கு எரிந்தால் கரண்ட் வருகிறது. கழற்றுமுன் ஃப்யூஸ் பாக்ஸில் அதற்கான சுவிட்சை அணைத்துவிடுங்கள். பழைய பேட்டரியை எடுத்தபின் டெஸ்ட் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள்; உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். இதைச் செய்யாததால்தான் சில சமயம் பேட்டரி இல்லாமலும் அது கத்துகிறது. பிறகு புது ஆல்கலைன் பேட்டரி. ரீசார்ஜபிள் வேண்டாம், அதன் வோல்டேஜ் ஒத்துவராது. மாட்டி, சுவிட்சைப் போட்டு, டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அலாரங்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் வீட்டில் எல்லாமே சேர்ந்து ஒலிக்க வேண்டும்.

புது பேட்டரிக்குப் பிறகும் கத்தினால் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். புகை அலாரத்தின் ஆயுள் பொதுவாகப் பத்து ஆண்டு. அதைத் தாண்டியிருந்தால் எந்த பேட்டரியும் பயன்படாது. தேதி சரியாக இருந்தால் தூசியாக இருக்கலாம்: வாக்யூமின் பிரஷ் முனையால் ஓரத் துளைகளை உறிஞ்சுங்கள். பேட்டரி உள்ளேயே மூடிவைத்த வகையைத் திறக்க முயலாதீர்கள், அதை முழுசாக மாற்றத்தான் வேண்டும்.

தாளிக்கும்போது அடிப்பது வேறு விஷயம். ஹஷ் பட்டன் இருந்தால் அழுத்துங்கள். சில நிமிடங்களுக்கு உணர்திறன் குறைந்து, பின் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும். பிளாஸ்டிக் பையால் மூடுவதும் பேட்டரியைக் கழற்றி வைப்பதும் வீட்டையே காவலின்றி விடுவது. அடிக்கடி நடந்தால் சமையலறையில் வெப்ப அலாரம் வைக்கும்படி உரிமையாளரிடம் கேளுங்கள். அது புகைக்கு அடிக்காது.

குடியேறும் முதல் நாளில் அலாரம் வேலை செய்வதை உறுதிப்படுத்துவது உரிமையாளரின் சட்டக் கடமை. அதன்பின் மாதம் ஒருமுறை சோதிப்பதும், மாற்றக்கூடிய பேட்டரியை மாற்றுவதும் குடியிருப்பவர் பொறுப்பு என்கிறது அரசு வழிகாட்டுதல். அதற்கும் சரியாகாவிட்டால் தேதி தெரியும் புகைப்படத்தோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2022 அக்டோபர் 1 முதல், பழுது என்று தெரிவித்தால் சரிசெய்யவோ மாற்றவோ வேண்டியது உரிமையாளர்தான். அசைந்து கொடுக்காவிட்டால் கவுன்சிலுக்கு எழுதலாம். அது நோட்டீஸ் கொடுத்து, 28 நாளில் செய்யாதவருக்கு 5,000 பவுண்டு வரை அபராதம் விதிக்க முடியும். பொது நடைபாதையிலும் படிக்கட்டிலும் உள்ள அலாரங்களில் கைவைக்காதீர்கள். அவற்றின் பழுதைக் கட்டட நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.