சார்ஜ் தீர்ந்த இயர்பட்டைத் தேடித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள்

திருகோணமலை டவுனில் போன் திருத்தும் கடை ஒன்றில், தொலைந்த இயர்பட்டைத் தேடித் தருவதாகச் சொல்லி என்னிடம் 2500 ரூபா வாங்கினார்கள். கடைப் பெயர் இங்கே வேண்டாம், ஒரு கடையைத் தவிர்த்தால் இதே வேலையை இன்னொரு கடை செய்யும், அதனால் எப்படி ஏமாற்றினார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன்.

உப்புவெளிப் பக்கம் கடற்கரைக்குப் போய்விட்டு, பின்னேரம் ஓட்டோவில் வீட்டுக்கு வந்தேன். வரும்போதே வலது பக்க பட் சார்ஜ் குறைகிறது என்று ஒருதரம் கீச்சிட்டது. வீட்டுக்குள் வந்து கேஸைத் திறந்து வைக்கப் போனால் இடது பட் மட்டும்தான் இருக்கிறது. கேட்டடியில் ஓட்டோக்காரருக்குக் காசு எடுத்துக் கொடுத்த அவசரத்தில் வலது எங்கே போனது என்று கவனம் இல்லை. செயலியில் தேடும் பகுதியைத் திறந்தேன். இடதுக்கு எதிரே சார்ஜ் விழுக்காடு தெரிகிறது, வலதுக்கு எதிரே ஒரு கோடு மட்டும், ரிங் பொத்தான் சாம்பல் நிறத்தில் அமுங்காமல் கிடக்கிறது. மேப்பில் மட்டும் எங்கள் கேட்டடியில் ஒரு புள்ளி.

அடுத்த நாள் அந்தக் கடைக்குப் போனேன், அந்த பட்டை வாங்கியதும் அங்கேதான். விற்கும்போது "துலைஞ்சா போன்ல அமத்துங்க அக்கா, எங்க இருந்தாலும் கத்தும்" என்று சொல்லித்தான் விற்றார்கள். இந்தத் தடவை கவுண்டரில் இருந்த தம்பி, "பற்றரி இல்லாட்டியும் பிரச்சினை இல்ல, எங்கட சொப்ட்வெயார் சட்டலைட்டால பிடிக்கும்" என்றார். காசை வாங்கிக்கொண்டு ஒரு போனை எடுத்து ஏதோ ஒரு செயலியைத் திறந்தார். வரிசையாகப் பல பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏறி இறங்கும் கோடுகள். அதில் என்னுடைய பட்டின் மாடல் பெயரும் இருந்தது. "பாருங்க அக்கா, சிக்னல் வருது, உங்கட வீட்டுப் பக்கம்தான் காட்டுது, இன்னொரு 3000 தந்தா இடத்தைச் சரியா எடுத்துத் தரலாம்."

இதில் ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. தொடங்கும்போதே அவர், இடது பட்டைக் கேஸுக்கு வெளியே எடுத்து மேசையில் வைக்கச் சொன்னார், அது இருந்தால்தான் மற்றதைத் தேடலாமாம். சரி என்று வைத்திருந்தேன். இந்த 3000 கதை வந்ததும் அதை எடுத்துக் கேஸில் போட்டு மூடியை மூடினேன். திரையில் என் பட்டின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த கோடுகள் விழுந்தன, கொஞ்ச நேரத்தில் பெயரே காணாமல் போனது. மூடியைத் திறந்து பட்டை வெளியே எடுத்தேன், பெயர் திரும்ப வந்தது. அவர் இவ்வளவு நேரமும் "தேடிப் பிடித்த" சிக்னல் என் கையில் இருந்த இடது பட்டுடையது. பக்கத்தில் என்னென்ன ப்ளூடூத் சாமான் இருக்கிறது என்று பட்டியல் போடும் சாதாரண செயலி அது, யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கேட்டதற்கு "சேவர் டவுன் அக்கா, நாளைக்கு வாங்க" என்றார். காசு திரும்பத் தர முடியாதாம்.

இயர்பட்டுக்குள் ஜிபிஎஸ் கிடையாது, சிம்மும் கிடையாது, சட்டலைட்டோடு கதைக்க அதனிடம் ஒன்றும் இல்லை. ரிங் என்பது போன் ப்ளூடூத்தில் பட்டுக்கு ஒரு கட்டளை அனுப்ப, பட் தன்னுடைய குட்டி ஸ்பீக்கரில் சத்தம் எழுப்புவது, அவ்வளவுதான். அதற்கு பட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், போனோடு இணைந்திருக்க வேண்டும், இடையில் சுவர் வந்தால் பத்து மீற்றர்கூட எட்டாது. ஒரு பட்டுக்குள் இருக்கும் பற்றரி போன் பற்றரியில் நூறில் ஒரு பங்கு அளவுதான். சில போன்கள் அணைந்த பிறகும் ஒதுக்கி வைத்த கொஞ்ச சார்ஜில் தாம் இருக்கும் இடத்தைக் காட்டும், அந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் பலர் பட்டும் அப்படியே என்று நம்புகிறார்கள். பட் செத்தால் செத்ததுதான், ஒரு சிக்னலும் வெளியே வராது. மலிவு மாடல்கள் பலவற்றில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது: போனோடு தொடர்பு அறுந்து சில நிமிடத்தில் பட் தானாக அணைந்துவிடும், உள்ளே சார்ஜ் இருந்தாலும் கத்தாது. கேஸுக்குள் மூடிக் கிடந்தாலும் பெரும்பாலானவை கத்தாது, கேஸிலேயே ஸ்பீக்கர் உள்ள சில விலை கூடிய மாடல்கள்தான் விதிவிலக்கு.

ஆகவே பட்டைக் காணவில்லை என்று தெரிந்த உடனே ரிங் அமத்துங்கள், நாளைக்குத் தேடுவோம் என்று படுத்தால் பற்றரி உங்களுக்காகக் காத்திருக்காது. கையில் இருக்கும் மற்ற பட்டைக் கேஸில் போட்டு மூடிவிடுங்கள், காதில் மட்டும் வைத்திருக்க வேண்டாம், அந்தச் சத்தம் காதைப் பிளக்கும். ஃபேனையும் நிறுத்துங்கள். மெல்லிய கீச்சுச் சத்தம்தான் வரும், மெத்தைக்குள் முகம் குப்புறக் கிடந்தால் பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கும்.

சார்ஜ் தீர்ந்த பிறகு மிஞ்சுவது மேப்பில் உள்ள அந்தப் புள்ளி ஒன்றுதான், ஆனால் அதைச் சரியாக வாசிக்க வேண்டும். என்னுடைய செயலியில் அது பட் இப்போது இருக்கும் இடம் அல்ல, தொடர்பு அறுந்த நேரத்தில் போன் இருந்த இடம். கடைத் தம்பி புள்ளியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள்தான் கிடக்கிறது என்று அடித்துச் சொன்னார். வீட்டுக்கு வந்து நிதானமாக யோசித்தேன். உப்புவெளியில் விழுந்திருந்தால் நான் அங்கிருந்து விலகியபோதே தொடர்பு அறுந்து புள்ளி அங்கே விழுந்திருக்கும். ஆகவே கேட்டடி வரைக்கும் பட் என்னோடுதான் வந்திருக்கிறது. புள்ளிக்குப் பக்கத்தில் இருந்த நேரம், நான் ஓட்டோவுக்குக் காசு கொடுத்த நேரத்தோடு ஒத்துப்போனது. அந்த நேரத்தில் கேட்டடியை விட்டு நகர்ந்தது இரண்டே இரண்டு: நானும் ஓட்டோவும். கேட்டடி மண்ணை விளக்குமாற்றால் கூட்டிப் பார்த்தேன், இல்லை.

ஓட்டோக்காரர் எங்கள் சந்தி ஸ்ராண்டில் நிற்பவர்தான். விஷயத்தைச் சொன்னதும் "ஏறிப் பாருங்கோ தங்கச்சி" என்று பின் சீற்றையே கழற்றித் தந்தார். சீற்றுக்கும் முதுகுச் சாய்மானத்துக்கும் இடையில் உள்ள இடுக்கில், கடல் மணலும் கச்சான் கோதும் ஒரு ஐந்து ரூபாக் குத்தியும் கிடந்ததற்கு நடுவில் வலது பட். துடைத்துக் கேஸில் போட்டதும் வலதுக்கு எதிரே 0 என்று காட்டி அதற்குப் பிறகுதான் மெதுவாக ஏறத் தொடங்கியது. முந்தின நாள் "சிக்னல் வருது" என்று எனக்குக் காட்டப்பட்ட பட் இதுதான்.

வலதுக்கு எதிரே 0 காட்டிய திரையின் ஸ்க்ரீன்ஷொட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி பில்லைக் காட்டி, அதில் "சொப்ட்வெயார் வேலை" என்றுதானே போட்டிருக்கிறது, தேடித் தருகிறோம் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார். உண்மையில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். இப்படி யாராவது காசு கேட்டால், பில்லில் என்ன வேலை என்று முழுதாக எழுதித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறைப்பாடு சொல்லியிருக்கிறேன். அதே கடையில் இதே மாதிரிக் காசு கொடுத்தவர்கள் இருந்தால் பில்லை எறிந்துவிடாமல் நீங்களும் சொல்லுங்கள்.