தலையில் தழும்பு இருப்பவர்கள் ஃபேட் வெட்ட உட்காரும் முன் இதைப் படியுங்கள்

என் தம்பிக்குச் சின்ன வயதில் தலையில் அடிபட்டுத் தையல் போட்ட தழும்பு இருக்கிறது. வலது காதுக்கு மேலே மூன்று விரல் உயரத்தில், முன்னிருந்து பின்னாகப் படுத்த மாதிரி, நாலு சென்டிமீட்டர் நீளம். அகலம் அதிகபட்சம் ஒரு சென்டிமீட்டர். அதில் முடி கிடையாது. இத்தனை வருடமாக யாருக்கும் தெரிந்ததில்லை, ஏனென்றால் ஊரில் வெட்டுகிற அண்ணன் அந்தப் பக்கம் மிஷினே வைக்கமாட்டார். நிச்சயதார்த்தம் வருகிறதே என்று கோவையில் ஒரு பெரிய ஏசி சலூனுக்குப் போனோம். அங்கே நடந்ததைத்தான் எழுதுகிறேன், இன்னொருவருக்கு நடக்கக்கூடாது என்பதற்காக.

தம்பி உட்கார்ந்ததுமே தழும்பைத் தொட்டுக் காட்டி, "அண்ணா, இந்த இடம் தெரியக்கூடாது, சைடுல கத்தரி மட்டும் போதும்" என்றான். வெட்ட வந்தவர், பக்கங்களைக் கீழே ஒட்ட எடுத்து மேலே போகப் போக நீளம் கூட்டுகிற ஃபேட் வெட்டைச் சொல்லி, "ஃபேட் போட்டா சுத்தியும் ஒரே மாதிரி ஆயிடும் ப்ரோ, தழும்பு அதுல கரைஞ்சிடும்" என்றார். நான், "வேண்டாங்க, அவன் சொல்ற மாதிரியே வெட்டுங்க" என்று குறுக்கே சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு, நான் ஒரு போன் பேச வெளியே போன நேரத்தில் ஒன்றாம் நம்பர் போட்டுக் காதிலிருந்து மேல்நோக்கி ஓட்டிவிட்டார்.

ஒன்றாம் நம்பர் என்றால் மூன்று மில்லிமீட்டர். தழும்பு உள்ள தலைக்கு ஆகாத நீளமே இதுதான். கருமுடி மூன்று, நான்கு மில்லிமீட்டரில் நிற்கும்போது தோல் மேல் கரிய நிழல் மாதிரி படியும். அதன் நடுவே முடியில்லாத வெளிறிய கோடு தனியாக எடுத்துக் காட்டும். முழு மொட்டை அடித்திருந்தால்கூட இவ்வளவு பளிச்சென்று தெரியாது, சுற்றியும் தோல்தான் என்பதால். மறைக்க வேண்டுமென்றால் நீளம் வேண்டும், வேறு வழியில்லை.

எவ்வளவு நீளம், எங்கே என்பதுதான் விஷயம். காதுக்கு மேல் முடி இயல்பாகக் கீழ்நோக்கி விழும். அதனால் தழும்பை மூடுவது அதற்கு மேலே முளைக்கிற முடிதான். கூரை ஓடு மாதிரி, மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறிப் படுத்தால்தான் சந்து தெரியாது. ஒரு சென்டிமீட்டர் அகலத் தழும்பைத் தாண்ட ஒரு சென்டிமீட்டர் முடி போதும் என்று கணக்குப் போடக்கூடாது. தாண்டி, கீழே இருக்கிற முடியின் மீதும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் படிய வேண்டும், காற்றிலும் வியர்வையிலும் விலகாமலிருக்க. ஆக, கொஞ்சம் கூடுதலாகவே வைத்து, தழும்பின் மேல் விளிம்பில் இரண்டரை சென்டிமீட்டராவது வேண்டும். தழும்புக்குக் கீழே எவ்வளவு குட்டையாக வெட்டினாலும் பாதகமில்லை. ஃபேட் ஆசை இருப்பவர்கள்கூட, அது தழும்புக்கு ஒரு விரல் கீழேயே முடிகிற மாதிரி போட்டுக்கொள்ளலாம். காதைச் சுற்றியும் பிடரியிலும் மட்டும் வருகிற தாழ்ந்த டேப்பர் அப்படிப்பட்டதுதான்.

அவர் செய்த இரண்டாவது காரியம் இன்னும் மோசம். மிஷின் போன இடத்துக்கு மேலே மிச்சமிருந்த முடியைத் தின்னிங் கத்தரியால் வேர்ப்பக்கம் கொத்திவிட்டார். "கனம் குறைஞ்சா நல்லா செட் ஆகும்" என்றாராம். தழும்பை மூட வேண்டிய முடியே அதுதான். அதில் பாதியைக் குட்டையாக்கினால், குட்டை முடிகள் விறைத்து நின்று நீள முடியைத் தூக்கிவிடும். படியவே படியாது.

தழும்பு படுத்திருப்பதற்குத்தான் இந்தக் கணக்கு. மேலிருந்து கீழாக நிற்கிற தழும்பு கடினம். முடி விழுகிற திசையிலேயே அது ஓடுவதால், வகிடு எடுத்த மாதிரி முடி இரண்டு பக்கமும் பிரிந்துவிடும். அதற்கு ஒரு பக்கத்து முடியை இன்னும் நீளமாக விட்டுக் குறுக்கே சாய்க்க வேண்டும். எந்தப் பக்கமிருந்து சாய்ப்பது என்பதைச் சுழிதான் தீர்மானிக்கும். உச்சிச் சுழி எந்தப் பக்கம் சுற்றுகிறதோ, அந்தப் போக்கில் சாய்த்த முடி படியும். எதிராகச் சாய்த்தால் காய்ந்ததும் எழுந்து நிற்கும். தலையை நனைத்து, சீப்பு வைக்காமல் கையால் உலுக்கிவிட்டுப் பாருங்கள், முடி தானாக எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். ஆனால் மூடியிருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது காய்ந்த பிறகுதான். ஈரத்தில் முடி திரிதிரியாகச் சேர்ந்து மண்டையைக் காட்டும்.

கதைக்கு வருகிறேன். தழும்பு வெளியே வந்ததும் அதே கடையில் ஒரு பெண் வந்து, மூன்று மாதம் சீரம் தேய்த்தால் தழும்பிலேயே முடி முளைக்கும் என்று ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்தார். முடிவெட்டு நானூறு ரூபாய் என்று சொன்ன இடத்தில் பில் 2,900. கேட்காமலே செய்த 'ஸ்கால்ப் தெரபி'யும் சீரமும் அதில். மறுநாள் தோல் மருத்துவரிடம் காட்டினோம். தழும்புத் திசுவில் முடியின் வேர்ப்பையே இல்லை, எந்த எண்ணெயும் சீரமும் அங்கே முளைக்கவைக்காது என்று நேராகச் சொன்னார். அறுவை முறையில் முடி நடலாம், ஆனால் தழும்பில் எல்லாம் பிடிக்கும் என்று உறுதி தர முடியாதாம். ஒன்றைக் கவனியுங்கள்: அடிபடாமலே காசு அளவில் வழவழவென்று வட்டமாக முடி கொட்டியிருந்தால் அது புழுவெட்டாக இருக்கலாம். அது தலையில் வேறு இடங்களுக்குப் பரவவும் செய்யும், தானாக முளைக்கவும் செய்யும். முதலில் மருத்துவரிடம் போங்கள், சலூனில் மருந்து வாங்காதீர்கள்.

நிச்சயதார்த்தத்துக்கு ஊர் அண்ணன்தான் காப்பாற்றினார். நல்லவேளையாக உச்சி முடியில் கை வைக்காமல் விட்டிருந்தார்கள், ஆறேழு சென்டிமீட்டர் இருந்தது. தம்பி வழக்கமாக வலது பக்கம் எடுக்கிற வகிட்டை இடது பக்கம் மாற்றினார். முழு உச்சி முடியும் வலப்பக்கமாக விழுந்து தழும்பின் மேல் வந்தது. அவனுடைய சுழியும் அந்தப் பக்கமே சுற்றியதால் கொஞ்சம் சூட்டுக் காற்றுக்கே படிந்தது. பக்கவாட்டில் எதையும் வெட்டவில்லை. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மூன்று மில்லிமீட்டரிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை இடது பக்கத்தையும் இதே அளவில் வைத்துக்கொண்டு, பிடரியை மட்டும் சுத்தம் செய்தார். தழும்புள்ள பக்கம் மட்டும் அடர்த்தியாகவும் மறுபக்கம் ஒட்டியும் இருந்தால் பார்க்கிறவர் கண் நேராக அங்கேதான் போகும் என்றார்.

நீங்கள் புதுக் கடைக்குப் போனால், உட்கார்ந்ததும் தழும்பின் மேல் விளிம்பில் விரல் வைத்து, "இதுக்கு மேல மிஷின் ஏறக்கூடாது" என்று சொல்லுங்கள். தலை காய்ந்திருக்கும்போதே சீப்பால் விலக்கிப் பார்க்காமல் மிஷினை எடுக்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மிஷின் வைத்தே தீர வேண்டுமென்றால் நாலாம் நம்பரில், அதாவது பன்னிரண்டு மில்லிமீட்டர் சுமாரில் தொடங்கச் சொல்லுங்கள். முடி விழுகிற திசையிலேயே ஓட்டினால் அதே நம்பரில் கொஞ்சம் நீளம் மிஞ்சும். எதிர்த்து ஓட்டினால் ஒட்ட எடுத்துவிடும்.

பணம் பற்றி: பில்லோடு போய், சீல் உடைக்காத சீரத்தைக் காட்டி, நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யப் போவதாகச் சொன்னதும் அதற்கான தொகையைத் திருப்பித் தந்தார்கள். கேட்காமல் செய்த தெரபிக்கு இன்னும் தரவில்லை. அந்தப் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன்.