பதினெட்டு வருடம் கட்டிய கல்விக் காப்புறுதி: கையில் வந்தது எவ்வளவு?

சென்ற மாதம் தம்பி போன் செய்தான். "அக்கா, பயலுக்கு எஜுகேஷன் பிளான் எடுக்கச் சொல்லி ஒருத்தர் வந்திருக்கார். நீங்கதான் மகளுக்கு எடுத்தீங்களே, எப்படி இருந்துச்சு?" இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2007-இல் மகளுக்கு ஒரு வயது. மாதம் 200 சிங்கப்பூர் வெள்ளி, 18 வருடம், ஜைரோவில் தானாகக் கழியும். முகவர் காட்டிய தாளில் முதிர்வுத் தொகை 60,000 என்று இருந்தது. இந்த ஆண்டு கைக்கு வந்தது 52,100. நான் கட்டியது 43,200.

லாபம்தானே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன், கணக்குப் போடும் வரை. மாதாமாதம் கட்டிய பணத்துக்கு இது ஆண்டுக்கு ஏறக்குறைய 2 விழுக்காடுதான். மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கு தரும் 2.5 விழுக்காடு கிடைத்திருந்தால் இதே பணம் 54,400-ஐத் தாண்டியிருக்கும்.

என்னை இன்றும் உறுத்துவது அந்த 60,000. தாளில் ஐந்து சொச்சம் விழுக்காடு என்று போட்டிருந்ததை, என் பணம் அந்த வேகத்தில் வளரும் என்று புரிந்துகொண்டேன். உண்மையில் அது காப்புறுதி நிறுவனம் எல்லாருடைய பணத்தையும் சேர்த்து வைத்திருக்கும் நிதி, முதலீட்டில் சம்பாதிக்கக்கூடும் என்று வைத்துக்கொண்ட விகிதம். அதிலிருந்து முகவர் கமிஷன், செலவுகள், காப்புறுதிக்கான கட்டணம் எல்லாம் போன பிறகுதான் நமக்கு. அந்தத் தாளின்படியே எல்லாம் நடந்திருந்தாலும் எனக்குக் கிடைப்பது சுமார் 3.5 விழுக்காடுதான். இப்போது தாளில் காட்டும் உயர்ந்த விகிதத்துக்கு 4.25, குறைந்த விகிதத்துக்கு 3 விழுக்காடு என்று உச்சவரம்பு இருக்கிறது. 2021 ஜூலையில் குறைத்தார்கள். ஆனாலும் அவை நிதியின் விகிதங்களே, நம் பணத்தின் விகிதங்கள் அல்ல.

வருடா வருடம் போனஸ் கடிதம் வரும். ஒருமுறை அறிவித்த போனஸை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கடைசியில் தரும் முதிர்வு போனஸுக்கு உத்தரவாதம் இல்லை. நடுவில் ஒரு வருடம் போனஸ் குறைந்தது. அந்தக் கடிதத்தைப் பழைய தாளின் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் 60,000 வராது என்று அப்போதே தெரிந்திருக்கும். நான் கோப்பில் சொருகி வைத்துவிட்டேன்.

2012-இல் வீட்டுக்காரருக்கு வேலை போனபோது, பாலிசியை இடையில் நிறுத்தினால் கிடைக்கும் சரண்டர் மதிப்பு கேட்டேன். கட்டியது 12,000, திரும்பக் கிடைக்கும் என்றது 7,400. மனசே ஆறவில்லை. நகையை அடகு வைத்துத் தவணையைக் கட்டினோம்.

நல்லதையும் சொல்லியாக வேண்டும். ஜைரோ இல்லாவிட்டால் நான் சேர்த்திருக்க மாட்டேன். நான் இறந்திருந்தால் மீதித் தவணையை அவர்களே கட்டும் இணைப்பும் இருந்தது. அந்த நிம்மதி பெரிது. மகள் இந்த ஆகஸ்ட்டில் பல்கலைக்கழகத்தில் கலைப் பிரிவில் சேர்ந்தாள். மானியம் போக ஆண்டுக் கட்டணம் 8,000 சொச்சம். நான்கு வருடத்துக்கும் ஒதுக்கி, மடிக்கணினி வாங்கி, இன்னும் மிச்சம் இருக்கிறது.

அந்தத் தாளில் இன்னொரு எண்ணும் இருந்தது. கட்டணம் வருடம் 5 விழுக்காடு ஏறும், 6,000 வெள்ளி 14,400 ஆகிவிடும் என்று முகவர் பயமுறுத்தியிருந்தார். குடிமக்களுக்கான மானியக் கட்டணம் அப்படி ஏறவில்லை. கணக்கை உண்மையில் புரட்டிப் போடுவது பிள்ளை எடுக்கும் படிப்பு. சட்டம் என்றால் ஆண்டுக்கு 12,000-க்கு மேல். மருத்துவம் என்றால் ஐந்து வருடம், செலவு பல மடங்கு. வெளிநாடு என்றால் இந்த 52,100 ஒரு வருடத்துக்கே போதுமா என்பது சந்தேகம். மகள் மருத்துவம் கேட்டிருந்தால் வங்கிக் கடனுக்குத்தான் போயிருப்போம்.

2016-இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரமும் வாங்கினேன். 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம். விண்ணப்பத்துக்கும் மீட்புக்கும் தலா 2 வெள்ளி. எந்த மாதம் மீட்டாலும் அபராதம் இல்லை, போட்ட பணமும் அதுவரை சேர்ந்த வட்டியும் அடுத்த மாதத் தொடக்கத்தில் வந்துவிடும். மகளின் பல் சிகிச்சைக்கு 1,500 மீட்டபோது 2012-இல் பட்ட பாடுதான் நினைவுக்கு வந்தது.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? மகளின் படிப்புக் கட்டணத்துக்குப் போதுமான பாலிசிதான், ஆனாலும் மறுபடி எடுக்கமாட்டேன் என்றேன். உன் பெயரில் தனியாக, சேமிப்பு இல்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு உயிர்க் காப்பு மட்டும் தரும் ஒரு டேர்ம் காப்புறுதி எடு. மிச்சத்தில் பாதியைப் பத்திரத்தில் போடு, பாதியைப் பல நாட்டு நிறுவனப் பங்குகளை வாங்கும், செலவு குறைந்த உலகக் குறியீட்டு நிதியில் போடு. பையன் தேசிய சேவை முடித்துப் பல்கலைக்கழகம் போக 21 ஆகிவிடும், என் மகளைவிட இரண்டு வருடம் கூடுதல். ஏற்ற இறக்கத்தைத் தாங்க நேரம் இருக்கிறது. அவனுடைய 17 வயதிலிருந்து அந்தப் பங்கு நிதியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்திரத்துக்கு மாற்றிவிடு.

"இல்லக்கா, ஜைரோ மாதிரி கட்டாயம் இருந்தாதான் என்னால முடியும்" என்றான். அப்படியானால் பாலிசியே எடு, ஆனால் உத்தரவாதத் தொகை என்ற பத்தியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடு என்றேன். என் தாளில் அந்தப் பத்தியில் இருந்தது 43,900. நான் கட்டியதைவிட 700 வெள்ளி கூடுதல்.