0.2% கட்டணமா, 1.2% கட்டணமா?

ஆண்டுக் கட்டணம் மட்டும் இப்படி வேறுபடும் இரண்டு மியூச்சுவல் ஃபண்டுகளிலும் ஒரே பங்குகள், கட்டணத்துக்கு முன் ஆண்டுக்கு 7% வளர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரு லட்சம் போடுகிறோம். முதல் ஆண்டு முடிவில் ஒன்றில் 1,06,800, மற்றதில் 1,05,800. ஆயிரம்தானே, போகட்டும் என்று தோன்றும்.

30 ஆண்டு கழித்துப் பாருங்கள்: முதலாவதில் சுமார் 7.20 லட்சம், இரண்டாவதில் 5.43 லட்சம். ஏறக்குறைய கால்வாசி போய்விட்டது! கழிந்த பணம் மட்டுமல்ல, அது ஈட்டியிருக்க வேண்டிய வளர்ச்சியும் சேர்ந்தே போகிறது.

இந்தக் கட்டணத்துக்குத் தனி பில் வராது. யூனிட் விலையிலேயே தினமும் சிறிது சிறிதாகக் கழித்துவிடுவார்கள். அதனால் கணக்கு அறிக்கையில் தேடாமல், ஃபண்டின் தகவல் தாளில் ‘செலவு விகிதம்’ என்ற வரியைப் பாருங்கள். அதிகக் கட்டண ஃபண்டு ஈடுகொடுக்க, ஆண்டுதோறும் சராசரியாக 1% கூடுதலாக ஈட்டியாக வேண்டும்.